காதுக்கு எழுதப்படாத அறிவித்தல்

தொழுகைக்கு நேரமாகாத வேளையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சத்தமிட்டால் கல்முனையில் அந்த மஹல்லாவே காது கொடுக்கும். கிணற்றடியில் உடுப்புத் துவைப்பவர் கையை நிறுத்துவார், கடையில் சாமான் நிறுப்பவர் தராசைப் பிடித்தபடி நிற்பார். மரணச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் அறபு வாக்கியம்தான் முதலில் வரும். அதைக் கேட்டவுடனேயே இது ஜனாஸா அறிவித்தல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்து இறந்தவர் எந்த வீதியில் இருந்தவர், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று உறவுகள் ஒவ்வொன்றாக வரும். அதன் பிறகுதான் பெயர் வரும், அதற்குப் பின் ‘வபாத்தானார்கள்’ என்ற வினை. நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில் என்று சொல்லி, முழு அறிவித்தலையும் இன்னொரு முறை வாசிப்பார்கள்.

இந்த ஒழுங்கை எந்தப் புத்தகமும் வகுத்துத் தரவில்லை. காற்றும் எதிரொலியும் பக்கத்து மஹல்லாவின் ஒலிபெருக்கியும் குறுக்கிடும் இடத்தில், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து ஊர் திருத்திக்கொண்ட வடிவம் இது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எழுத்தில் அது தொல்லையல்ல, கண் ஒரு வரி பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. வினை வரும்வரை கேட்டதையெல்லாம் அது சுமந்துகொண்டிருக்க வேண்டும். ஜனாஸா அறிவித்தல் இந்தச் சுமையை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. என்ன செய்தி என்பதை முதல் வாக்கியம் சொல்லிவிடுவதால், மிச்சத்தில் ‘யார்’ என்பதை மட்டும் தேடினால் போதும். முதல் தடவை உறவைப் பிடித்தவர் இரண்டாம் தடவை நேரத்தைப் பிடிப்பார். இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இந்த நடை பழக்கமானது.

இத்தனை தேர்ந்த வாய்மொழி வடிவம் வைத்திருக்கும் ஊருக்கு, அரசாங்கத்தின் அறிவித்தல் மட்டும் காதுக்கு எழுதப்படாமலே வந்து சேர்கிறது. ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகும் கடதாசியில், அதை யாரும் வாய்விட்டு வாசித்துப் பார்க்கும் முன்பே கையொப்பம் விழுந்துவிடுகிறது. இது நடையழகு பற்றிய குறை அல்ல. இந்தக் கரையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

இதன் வேர் நீளமானது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பில் சேர்ந்தது 1987இல், 13ஆவது திருத்தத்தில். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பதை 1988இல் 16ஆவது திருத்தம் உறுதிசெய்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. சட்டம் மாறிய அளவுக்கு எழுதும் வழக்கம் மாறவில்லை. இன்றும் பெரும்பாலான சுற்றுநிருபங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யோசிக்கப்பட்டு, பின்பு தமிழாக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பவர் முன்னால் இருப்பது கடதாசியும் அகராதியும் அவசரமும்தான். மூலத்தில் உள்ளது ஒன்றும் விடுபடக்கூடாது என்பது அவருடைய கவலை. கேட்கப்போகிறவர் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்பது அவர் மேசைக்கு வருவதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. போயா நாளும்கூட. அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் அலை நம் கரையில் நின்றது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராக, மாவட்டம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்று எச்சரிக்கை என்று ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் எந்த வாக்கியத்தில் வந்திருக்கும் என்ற கேள்விக்கு அன்று இடமே இருக்கவில்லை.

அந்தக் கேள்வி நிஜமாக எழுந்தது 2012 ஏப்ரல் 11இல். பிற்பகல் 2.08க்கு, அதே சுமாத்ரா பக்கம், 8.6 அளவில் நிலநடுக்கம். இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. இந்த முறை அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருந்தது, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இருந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் இருந்தன. கிழக்குக் கரை மக்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். நல்ல வேளை, கடலடிப் பாறைகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்த நிலநடுக்கம் அது. கடலின் அடித்தளம் பெரிதாக மேலெழவில்லை, அதனால் பேரலையும் எழவில்லை. மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

இத்தகைய எச்சரிக்கை கடக்கும் பாதையைப் பாருங்கள். இந்து சமுத்திரத்தைக் கண்காணிக்கும் ஒரு மையத்தில் அது ஆங்கிலத்தில் பிறக்கிறது. கொழும்பில் வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதை எடுத்துக்கொள்கின்றன. மாவட்டம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை என்று இறங்கி, கடைசியில் முஅத்தினின் வாய்க்கு வருகிறது. அவர் கையில் இருக்கும் கடதாசியில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக எழுதியதுதான், ஆனால் அலுவலக நடை இதுவே:

“இந்தோனேசியாவின் சுமாத்ரா தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் ஏற்பட்ட சக்திவாய்ந்த நிலநடுக்கம் காரணமாக சுனாமி ஏற்படக்கூடிய சாத்தியக்கூறுகள் காணப்படுவதனால், கரையோரப் பிரதேசங்களில் வசிக்கும் பொதுமக்கள் மறு அறிவித்தல் வரை பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுவதோடு, வீண் வதந்திகளை நம்ப வேண்டாமெனவும் இத்தால் அறியத்தரப்படுகின்றது.”

மேசையில் வைத்து வாசித்தால் இதில் பிழை ஒன்றும் தெரியாது. இலக்கணம் சரி, தகவலும் முழுமை. வாய்விட்டு, ஒலிபெருக்கிக்குத் தேவைப்படும் வேகத்தில் ஒரு முறை வாசித்துப் பார்த்தால்தான் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியாமல் வாசிப்பவர் ‘காணப்படுவதனால்’ என்ற இடத்தில் நிற்பார். கேட்பவர் அங்கேயே செய்தி முடிந்துவிட்டதாக நினைப்பார். மொத்தம் 31 சொற்களில், ‘செல்லுமாறு’ என்பது 24ஆவது சொல். அதாவது, என்ன செய்ய வேண்டும் என்பது தெரிய முக்கால் பங்கு வாக்கியத்தைக் கடக்க வேண்டும். எங்கே போவது என்ற கேள்விக்குப் ‘பாதுகாப்பான இடங்கள்’ என்பதே பதில். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலப்பட்டையில் வாழ்கிறவருக்கு அது பதிலே அல்ல.

மிகப் பெரிய ஆபத்து கடைசியில் இருக்கிறது. காதில் நிற்பது பெரும்பாலும் வாக்கியத்தின் வால்தான். பாதி காற்றில் போக, ஒருவர் ‘சுனாமி’ என்ற சொல்லையும் ‘நம்ப வேண்டாம்’ என்ற சொற்களையும் மட்டும் பிடித்தால் அவருக்குக் கிடைக்கும் செய்தி என்ன? மூலத்துக்கு நேர் எதிரானது. கண்ணால் ஆயிரம் முறை படித்தாலும் இந்தப் பிழை தெரியாது, ஏனென்றால் கடதாசியில் அது பிழையே அல்ல.

இதையே காதை முன்வைத்து எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

“அவசர அறிவித்தல். சுனாமி வரலாம். கடற்கரைப் பக்கம் இருக்கிற எல்லாரும் இப்போதே வெளிக்கிடுங்கள். பிரதான வீதியைக் கடந்து மேற்கே, வயல் பக்கம் போங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் கூட்டிச் செல்லுங்கள். இது பிரதேச செயலகத்தின் அறிவித்தல். நேரம் பிற்பகல் 3 மணி. அடுத்த அறிவித்தல் மூன்றரைக்கு.”

பிறகு முழுவதையும் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். சுமாத்ரா போய்விட்டது, நிலநடுக்கமும் போய்விட்டது. கடற்கரையில் நிற்பவருக்கு அந்த நொடியில் அவை தேவையில்லை. வதந்தி பற்றிய வரியும் இல்லை. அதன் வேலையை, யார் சொல்கிறார்கள், எத்தனை மணிக்குச் சொல்கிறார்கள், அடுத்தது எப்போது என்ற மூன்றும் செய்கின்றன. அடுத்த அறிவித்தலின் நேரம் தெரிந்தவர் இடையில் வரும் வதந்திக்குக் கொஞ்சம் குறைவாகவே செவிசாய்ப்பார்.

இங்கே தொனி பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள வரிகள் கல்முனைப் பேச்சும் அல்ல, ஏட்டுத் தமிழும் அல்ல. முழுக்க ஊர்ப் பேச்சில், ‘எல்லாரும் வெளிக்கிட்டு ஓடுங்க, புள்ளைகளத் தூக்கிட்டுப் போங்க’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் பதறுவது போலத்தான் கேட்கும். பதற்றம் உடனே தொற்றிக்கொள்ளும், ஆனால் சொல்கிறவருக்கு என்ன அதிகாரம் என்ற ஐயமும் கூடவே வரும். ஏட்டு நடையிலோ, அதிகாரம் இருக்கிறது, அவசரம் இல்லை. ‘இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்று முடியும் எதையும் இந்த ஊர், வரிக் கட்டண அறிவித்தலையும் நீர்வெட்டு அறிவித்தலையும் கேட்கும் காதாலேயே கேட்கும். இரண்டுக்கும் நடுவில், வானொலிச் செய்தி வாசிப்பவர் நேயர்களோடு நேரே பேசும்போது வரும் மரியாதைத் தமிழ் ஒன்று உண்டு. ‘போங்கள்’ என்ற ஏவல் அந்த இடத்தைச் சேர்ந்தது. எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை எழுதியவர் பேனாவைப் பிடித்தபடி தீர்மானிக்க முடியாது. வாசிக்கக் கேட்கும்போதுதான் தெரியும்.

அறிவித்தல் ஒலிபெருக்கியோடு நிற்பதும் இல்லை. கேட்டவர் ஓடிப்போய் உம்மாவிடம் சொல்வார், அவர் ராத்தா வீட்டுக்குச் சொல்வார். அப்படிக் கைமாறும்போது தமிழ் தானாகவே ஒரு ‘ஆம்’ சேர்க்கும்: ‘சுனாமி வருதாம்.’ நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று அறிவிக்கும் விகுதி அது. நேர்மையான விகுதிதான், ஆனால் ஒவ்வொரு வாயிலும் செய்தியின் பொறுப்பு கொஞ்சம் கரைகிறது. மூல அறிவித்தல் ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்று செயப்பாட்டு வினையில் முடிந்திருந்தால், சொன்னவர் யார் என்பது தொடக்கத்திலேயே காணாமல் போயிருக்கும். அடுத்தவர் வாயில் அது வெறும் ‘ஆம்’ ஆகிவிடும். ‘பிரதேச செயலகம் சொல்லுது’ என்று எடுத்துச் சொல்ல முடிகிறபடி சொன்னவரின் பெயர் அறிவித்தலுக்குள்ளேயே இருந்தால், இரண்டாம் மூன்றாம் வாயிலும் அது நிற்கும். ஆகவே சோதனை ஒரு வாசிப்போடு முடியாது. கேட்டவரை, இன்னொருவரிடம் சொல்லச் சொல்லியும் கேட்க வேண்டும்.

எச்சரிக்கையை விலக்கும் அறிவித்தலுக்கு இன்னும் கவனம் வேண்டும். ‘சுனாமி அபாயம் நீங்கியுள்ளது’ என்று மட்டும் சொன்னால், வயலோரத்தில் நின்று களைத்தவர் அதைச் ‘சுனாமி வரவில்லை’ என்றும், பிறகு ‘சும்மா பயம் காட்டினார்கள்’ என்றும் எடுத்துக்கொள்வார். அடுத்த முறை அவர் நகர மாட்டார். நிலநடுக்கம் நடந்தது உண்மை, கடல்மட்டத்தை அளந்து பார்த்தார்கள், பேரலை எழவில்லை, இப்போது வீடு திரும்பலாம் என்று நான்கு சிறு வாக்கியங்களில் சொன்னால் முதல் அறிவித்தலின் மானம் காக்கப்படும். 2012 போன்ற நாளில் கடல் நமக்குக் காட்டிய தயவு, அடுத்த அறிவித்தலை நம்பாமல் இருக்க ஒரு காரணமாகிவிடக் கூடாது.

எழுதியதை வாய்விட்டு வாசிப்பது இந்த மண்ணின் சட்டத்துக்குப் புதிதல்ல. காணி உறுதி ஒன்றை முடிக்கும் நொத்தாரிசு, எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு அதைச் சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளக்கிய பின்பே அத்தாட்சிப்படுத்த வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் சொல்வது அது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொலிஸார் எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும். அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டபின் விளக்கவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. காணிக்கும் குற்றத்துக்கும் சட்டம் வைத்த இந்தக் காவலை, பொதுமக்களுக்குப் போகும் அரச அறிவித்தலுக்கு யாரும் வைக்கவில்லை.

ஆனால் வாசித்துக் காட்டுவது மட்டும் போதாது என்பதற்கும் நம் மாகாணத்திலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. 1993இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கைதான ஒரு தமிழரின் ஒப்புதல் வாக்குமூலம் அது. தமிழ் மட்டுமே தெரிந்த அவர் சொன்னதாகக் கூறப்பட்டதைச் சிங்களத்துக்குப் பெயர்த்தவரும் தட்டச்சு செய்தவரும் ஒரே பொலிஸ் உத்தியோகத்தர். தனக்கு விளங்காத கடதாசியில் பெருவிரல் அடையாளம் வைத்ததாகவும், அதற்கு முன் சித்திரவதை செய்யப்பட்டதாகவும் அவர் முறையிட்டார். அந்த வாக்குமூலத்தின் மேல் 1995இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டது, மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. சிங்கராசா வழக்கு என்று அறியப்படும் இதில், 2004 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. சுதந்திரமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமை அதன் காரணங்களில் ஒன்று.

சித்திரவதை பற்றிய முறைப்பாட்டை வாசிப்பு முறை எதுவும் தீர்த்துவிடாது. ஆனால் மொழி பற்றிய பாடம் தெளிவானது. எழுதியவரே பெயர்த்து, பெயர்த்தவரே வாசித்து, வாசித்தவரே சரி பார்த்தால், அங்கே நடப்பது சோதனை அல்ல. கேட்பவருக்கு ‘இல்லை, நான் சொன்னது அதுவல்ல’ என்று சொல்லும் இடம் இருந்தால்தான் வாசிப்புக்குப் பொருள் உண்டு.

விமானத்துறை இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27இல் ஸ்பெயினின் தெனெரிஃப் தீவில், பனிமூட்டம் மூடிய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானத்திலிருந்து வந்த ஓர் ஆங்கில வாக்கியத்தை, ஓடுபாதையில் நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அந்த விமானமோ அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பின்னர் விமானத்துறை சொல்முறையை இறுக்கியது. முக்கியமான கட்டளைகளைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், ‘சரி’ என்ற ஒரு சொல் போதாது. விளங்கியதா என்று கேட்டால் எல்லாரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் பெரிய உத்தியோகத்தருக்கு முன்னால் இன்னும் உறுதியாக. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால்தான் விளங்கியது என்ன என்பது வெளிவரும்.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. எழுதியவரே வாசித்தால் பிழை மறைந்துவிடும், ஏனென்றால் கடதாசியில் இல்லாத அழுத்தத்தையும் நிறுத்தத்தையும் அவர் குரல் தானாகச் சேர்த்துவிடும். ஆகவே முதல் தடவையாக அதைக் காண்பவர் வாசிக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: சரளமாக ஓடும் மொழிபெயர்ப்பு பொய்யாகவும் இருக்கலாம். தமிழ் காதுக்கு இனிமையாக இருப்பதால் மூலத்திலுள்ளதைச் சொல்லுகிறது என்று ஆகிவிடாது. தமிழை மட்டும் கேட்ட ஒருவர் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்லி, அது மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் அந்தப் பிழை பிடிபடும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நம் பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள், வேலை சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களும் அலை வரும் நாளில் கிடைக்காது. அதனால்தான் இது இன்றைய வேலை. சுனாமி, வெள்ளம், சூறாவளி, நோய்ப் பரவல் என்று வரக்கூடிய அறிவித்தல்களின் வாசகத்தை அமைதியான நாளில் எழுதி வைக்கலாம், நேரத்துக்கும் இடத்துக்கும் மட்டும் இடைவெளி விட்டு. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றின் ஒலிபெருக்கிகளிலும் உண்மையான குரலில் வாசித்துப் பார்க்கலாம். கடற்கரையில் வலை இழுப்பவரையும், வீட்டில் மூத்தம்மாவையும், பாடசாலைப் பிள்ளையையும் கேட்கச் சொல்லி, இப்போது எங்கே போவீர்கள் என்று கேட்கலாம். மூவரும் ஒரே திசையைச் சொன்னால் வாசகம் தேறியது. ஒருவர் தயங்கினாலும் பிழை அவருடையதல்ல, கடதாசியுடையது. அப்படித் தேறாத எந்த அறிவித்தலிலும் கையொப்பம் விழக்கூடாது.

இறந்தவரைப் பற்றிய செய்தி ஒரு வீதியும் தவறாமல் போய்ச் சேர்வதற்கு நம் முன்னோர் ஒரு வடிவம் கண்டார்கள். உயிரோடிருப்பவர்களைக் காக்கும் செய்திக்கும் அதே அக்கறையைக் கேட்பது, இவ்வளவு பேரை இழந்த ஒரு கரையின் நியாயமான உரிமை.